கேண்டில் லேபிள் மாக்கப் பிரஸ்ஸுக்குப் போறப்ப கூடப் போக வேண்டிய நோட்

கேள்வி: "வீட்ல சோயா மெழுகுல வாசனை கேண்டில் செஞ்சு கண்ணாடி ஜார்ல விக்கிறேன். லேபிளுக்கு ஏஐ-ல ஒரு மாக்கப் எடுத்து வச்சிருக்கேன், ரொம்ப அழகா வந்திருக்கு. சிவகாசி பிரஸ்ல படத்தோட ஒரு கவர் நோட்டும் எழுதி அனுப்புங்கன்னு சொல்றாங்க. அதுல என்ன எழுதணும்? ஏஐ படம்னு சொன்னா ரேட் ஏத்திருவாங்களா?"

முதல் வரியிலேயே சொல்லிருங்க. நான் ஸ்டிக்கர் லேபிள் அடிக்கிற யூனிட்ல ப்ரீபிரஸ் சைடுல பத்தொன்பது வருஷமா இருக்கேன், பார்ட்டி அனுப்புற படத்தை பிளேட்டுக்குப் போற ஃபைலா மாத்துறதுதான் என் வேலை. உங்க படம் வந்ததும் ஆபரேட்டர் கேக்குற முதல் கேள்வி "ஓபன் ஃபைல் இருக்கா, ஃபான்ட் என்ன?" அப்படிங்கறதுதான். ஓபன் ஃபைல்னா டிசைனைத் திரும்பத் திருத்தக்கூடிய மூல ஃபைல். ஏஐ படத்துக்கு ரெண்டுமே கிடையாது. நீங்க சொல்லலைன்னா அவர் அந்த எழுத்து எந்த ஃபான்ட்னு தேட ஆரம்பிப்பாரு, ஒண்ணும் ஒத்துவராது, ஏன்னா அது ஃபான்ட்டே இல்ல, எழுத்து மாதிரி வரைஞ்ச படம். பெருசாக்கிப் பாத்தீங்கன்னா ஒரே வார்த்தைக்குள்ள வர்ற ரெண்டு "a" ரெண்டு விதமா இருக்கும், ஒண்ணோட வயிறு உருண்டையா இருக்கும், இன்னொண்ணு லேசா சப்பி இருக்கும். இதுலயே அரை நாள் போயிரும். ஆர்ட்வொர்க் சார்ஜ்னு ஒண்ணு எப்படியும் வரும், ஏன்னா திரும்ப வரைஞ்சுதான் ஆகணும். முதல்லயே சொன்னா அந்தத் தொகை என்னன்னு கொட்டேஷன்லயே தெரிஞ்சிரும், சொல்லலைன்னா பாதி வேலையில போன் வரும். அதனால ரேட்டை நினைச்சு மறைக்காதீங்க.

இப்ப நோட்டுல என்ன எழுதறதுன்னா, என் அனுபவத்துல அது ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லணும்: இந்தப் படத்துல எதெல்லாம் நீங்க யோசிச்சு முடிவு பண்ணது, எதெல்லாம் தானா வந்து விழுந்தது. பிரஸ்ல இருக்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. படத்துல இருக்கறது எல்லாமே நீங்க கேக்குறதுன்னு எடுத்துக்குவாங்க. ஒரு வேலைய மறக்கவே முடியாது, குளியல் உப்பு ஜார் லேபிள் அது, மாக்கப்போட "சேம் டு சேம் வேணும்" அப்படின்னு ஒரே வரி எழுதி வந்துச்சு. படத்துல லேபிளோட இடது ஓரமா மேலருந்து கீழ வரைக்கும் வெளிறின பட்டை ஒண்ணு ஓடுச்சு. நான் அதை டிசைன்னு நினைச்சு அப்படியே வரைஞ்சு கொடுத்தேன். ஆயிரம் லேபிள் அடிச்சு ஒட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அது டிசைன் இல்ல, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடில பட்டுத் தெறிக்கிற மாதிரி படத்துல வந்த ஒளி. ஜாருக்குன்னு நிஜ வெளிச்சம் ஒரு பக்கம் விழுது, அச்சடிச்ச வெளிச்சம் இன்னொரு பக்கம் நிக்குது, பாக்க ஏதோ உரசிப் போன லேபிள் மாதிரி இருந்துச்சு. அந்தப் பார்ட்டி மேலயும் தப்பில்ல, அவங்களுக்கு அது ஒரு அழகான போட்டோ, அவ்வளவுதான். "வெளிச்சம், நிழல், ஜார் எதுவும் லேபிள் இல்ல" அப்படின்னு ஒரு வரி இருந்திருந்தா அந்த ஆயிரமும் குப்பைக்குப் போயிருக்காது.

உங்க ஜார் அளவு நீங்க சொல்லல, அதனால ஒரு உதாரணத்துக்கு நேரா நிக்கிற உருளை ஜார், குறுக்களவு 70 மில்லிமீட்டர்னு வச்சுப்போம். சுத்தளவு ஏறக்குறைய 220 மில்லிமீட்டர் வரும். லேபிள் 200க்கு 55 வச்சா பின்னாடி 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உக்காரும். இப்ப மாக்கப்பைப் பாருங்க, அதுல தெரியறது ஜாரோட முன்பக்கம் மட்டும்தான். முன்னாடி நின்னு பாத்தா 70 மில்லிமீட்டர் அகலமாத் தெரியற இடத்துக்குள்ள நிஜத்துல சுத்தளவுல பாதி, அதாவது 110 மில்லிமீட்டர் லேபிள் ஒளிஞ்சிருக்கு, ஓரம் போகப் போக நெருக்கிப் பிடிச்ச மாதிரி. மிச்சம் 90 மில்லிமீட்டர் லேபிள் படத்துலயே கிடையாது, அதை யாரும் டிசைன் பண்ணவே இல்ல. படத்தை வெட்டி எடுத்து அப்படியே தட்டையா அடிச்சா நடுவுல இருக்கற பூ சரியா இருக்கும், ஓரத்துல இருக்கற இலையும் எழுத்தும் ஒல்லியா நசுங்கிப் போய் நிக்கும். ஆகவே நோட்டுல "படத்துல தெரியறது முன்பக்கம் மட்டும், இடது வலது பக்கத்துக்கு மேட்டர் தனியா அனுப்பியிருக்கேன்" அப்படின்னு கண்டிப்பா இருக்கணும்.

ஜாரை அளக்குறதுக்கு ஸ்கேலை வைக்காதீங்க. ஒரு பேப்பர் பட்டையை சுத்தி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல பேனாவால கோடு போட்டு, பிரிச்சு அளங்க. லேபிளோட மேல் விளிம்பு வர்ற இடத்துல ஒரு தடவை, கீழ் விளிம்பு வர்ற இடத்துல ஒரு தடவை. ரெண்டும் ஒண்ணா இருந்தா நேரான லேபிள் போதும். மேல பெருசு கீழ சின்னதுன்னு வந்தா அது சரிவு ஜார், அதுக்கு லேபிள் வில்லு மாதிரி வளைஞ்சு வெட்டணும், நேரா வெட்டினா ஒரு ஓரம் மேல ஏறி சுருக்கம் விழும். மாக்கப் இதைக் காட்டவே காட்டாது, சரிவு ஜார்லயும் லேபிள் கச்சிதமா உக்காந்த மாதிரிதான் வரும். முடிஞ்சா ரெண்டு காலி ஜாரை பிரஸ்ஸுக்கே கொரியர் பண்ணிருங்க.

அடுத்தது படத்தோட தெளிவு. போன்ல பளிச்சுன்னு தெரியறதால அச்சுலயும் அப்படித்தான் வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாப்போம். படம் மொத்தம் 1024 பிக்சல் அகலம், அதுல ஜார் பிடிச்சிருக்கறது 560 பிக்சல்னு வச்சா, 70 மில்லிமீட்டருக்கு 560, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். நல்ல அச்சுக்கு நாங்க கேக்குறது ஒரு மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 12, அதைத்தான் 300 டிபிஐ-னு சொல்றோம். பூ, புகை மாதிரி மென்மையான படம்னா 8 பிக்சல்ல கூட ஓரளவு ஒப்பேத்திரலாம். எழுத்து ஒப்பேறாது. ஒன்றரை மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு மொத்தமே 12 பிக்சல்தான் கிடைக்கும், அதுல ஒரு "ஐ"-யையோ "ஞ"-வையோ வரைஞ்சு பாருங்க, முடியாது. படத்தைப் பெருசாக்குற ஆப்ல போட்டா பிக்சல் எண்ணிக்கை கூடும், ஆனா எழுத்து சரியாகாது, தப்பான எழுத்து தெளிவாத் தெரியும், அவ்வளவுதான். இன்னொண்ணு, படத்தை வாட்ஸாப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது சுருக்கிரும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

எழுத்தைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும், அதுலயும் தமிழ் எழுத்தை. மல்லிகைன்னு லேபிள்ல வேணும்னு கேட்டு வாங்கின படம் ஒண்ணு எங்ககிட்ட வந்துச்சு. தூரத்துல பாத்தா மல்லிகைதான். கிட்டப் போனா முதல் "ல"-வுக்கு மேல புள்ளி இல்ல, "கை"-ல ககரத்துக்கு முன்னாடி வர வேண்டிய இணைக்கொம்பு ஏதோ சங்கிலி வளையம் மாதிரி தனியா நிக்குது. அனுப்பினவங்க நல்லா தமிழ் தெரிஞ்சவங்க, ஆனா வார்த்தை என்னன்னு மனசுல ஏற்கனவே இருக்கறதால கண்ணு அதைத் திருத்திப் படிச்சிருச்சு. இப்ப வர்ற சில டூல் முன்னைவிட நல்லா தமிழ் எழுதுது, ஒத்துக்கிறேன், ஆனாலும் எழுத்து எழுத்தா விரல் வச்சு பாக்காம விடக்கூடாது. அதனால மேட்டர் முழுக்க யூனிகோட்ல டைப் பண்ணி தனி டாக்குமெண்ட்டா கொடுங்க, கூடவே அதோட பிடிஎஃப்பும் கொடுங்க. பிடிஎஃப் எதுக்குன்னா நிறைய பிரஸ்ல கோரல் டிராங்கற டிசைன் சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன் ஓடிக்கிட்டு இருக்கு, அதுல யூனிகோட் தமிழை ஒட்டினா கொம்பும் காலும் இடம் மாறும், அப்ப ஆபரேட்டர் ஒத்துப் பாக்க சரியான வடிவம் ஒண்ணு கையில இருக்கணும். நோட்டுல "படத்துல உள்ள எழுத்து எதையும் எடுக்க வேண்டாம், மேட்டர் டாக்குமெண்ட்தான் கடைசி" அப்படின்னு எழுதிருங்க.

பார்கோடு படத்துல இருந்தா அதுவும் வெறும் கோடுதான், ஸ்கேன் ஆகாது. நீங்க கடைகளுக்குக் கொடுக்கப் போறீங்கன்னா பார்கோடு நம்பர் கொடுக்குற ஜிஎஸ்1 அமைப்புல நம்பர் வாங்கி அந்த நம்பரை மட்டும் கொடுங்க, கோடை பிரஸ்ல உருவாக்கிக்குவாங்க. இல்லைன்னா "பார்கோடு வேண்டாம்"னு எழுதுங்க. படத்துல தானா வந்து உக்காந்திருக்கற இலை, முயல், மறுசுழற்சி வட்டம் மாதிரி முத்திரைகளும் அப்படித்தான். உங்ககிட்ட அந்தச் சான்றிதழ் இல்லைன்னா அதை எடுக்கச் சொல்லி பேர் சொல்லி எழுதுங்க, பொதுவா "தேவையில்லாததை எடுத்துருங்க"ன்னா யாருக்கும் புரியாது.

அப்புறம் தங்க கலர். நீங்க அனுப்பப் போற படத்துல தங்கம் இருக்கும்னு அடிச்சுச் சொல்லுவேன், கேண்டில் லேபிள்னாலே வந்துருது. ஸ்கிரீன்ல தெரியற தங்கம் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் கலந்த நிழல்தான். பிரஸ்ல வழக்கமா ஓட்டுற நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு நாலு கலர்ல அதை அடிச்சா கடுகு நிறத்துல வரும், மின்னாது. மின்னணும்னா ஃபாயில், அதாவது சூடான பிளாக்கால பளபளப்புப் படலத்தை அழுத்தி ஒட்டுறது. அதுக்குத் தனி பிளாக், தனி சார்ஜ், எண்ணிக்கை குறைவா இருந்தா ஒரு லேபிளுக்கு விழுற செலவு நல்லாவே ஏறும். ஃபாயிலுக்கு ஃபைல்ல அந்தப் பகுதி மட்டும் கெட்டிக் கறுப்பா தனியா வேணும், நிழலே இருக்கக் கூடாது. ரொம்ப மெல்லிசான கோடு ஃபாயில்ல நிக்காது, கால் மில்லிமீட்டருக்குக் கீழ போனா விட்டு விட்டு விழும். மேல போட்ட கணக்குப்படி படத்துல ஒரு பிக்சல் கோடுன்னா 0.125 மில்லிமீட்டர், பூவிதழ் நரம்பெல்லாம் அந்த அளவுலதான் இருக்கும். ஆக நரம்பைத் தடிப்பாக்கணும் இல்ல எடுத்துரணும், எதுன்னு நீங்க சொல்லணும். ஃபாயிலா, சாதா அச்சுலயே மஞ்சள் பழுப்பா, இதை முடிவு பண்ணாம கொட்டேஷன் கேட்டா வர்ற தொகைக்கு அர்த்தமே இல்ல.

மத்த நிறங்கள்ல ஊதாவும் பளிச்சுன்னு இருக்கற நீலமும்தான் ஏமாத்தும், லாவெண்டர் கேண்டிலுக்கு இதுதான் தலைவலி. ஸ்கிரீன் வெளிச்சத்தால காட்டுற ஊதா நாலு மையில கிடைக்காது, மங்கித்தான் வரும். எவ்வளவு மங்கும்ங்கறது மெஷின், பேப்பர், லேமினேஷன் பொறுத்தது, யாரும் போன்ல சொல்ல முடியாது, அச்சுப் புரூஃப்லதான் தெரியும். கறுப்பு எழுத்து விஷயம் அப்படியில்ல, அது நிச்சயம். படத்துல இருக்கற கறுப்பு நாலு கலருக்கு மாறும்போது நாலு மையும் கலந்த கறுப்பா ஆகும், சின்ன எழுத்துல பிளேட் ஒரு தலைமுடி அளவு நகர்ந்தாலே எழுத்தைச் சுத்தி சிவப்பும் நீலமும் கசியும். சின்ன எழுத்தெல்லாம் கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம். ஆபரேட்டருக்கே இது தெரியும், ஆனாலும் எழுதுறதுல தப்பில்ல.

லேபிள் பேப்பர் என்னங்கறதும் படத்துல இருந்து தெரியாது. படத்துல கைப்பேப்பர் மாதிரி சொரசொரப்பா, ஓரம் பிசிறா அழகா இருக்கும், அது டையில வெட்டுற ஸ்டிக்கர்ல வராது, சொரசொரப்பை அச்சடிச்சாலும் வழவழ பேப்பர் மேல சொரசொரப்புப் படமாத்தான் நிக்கும். உங்களுக்குப் பெரிய கவலை வாசனை எண்ணெய்தான். ஊத்தும்போது ஒரு சொட்டு வழிஞ்சு லேபிள்ல பட்டா சாதா குரோமோ பேப்பர்ல எண்ணெய்க் கறை ஊறி நிக்கும். பிபிங்கற பிளாஸ்டிக் ஸ்டிக்கர், மேல லேமினேஷன், இது தாங்கும். என்ன சொன்னாலும் சாம்பிள் துண்டு ரெண்டு கேட்டு வாங்கி, உங்க எண்ணெய்யே ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வச்சு துடைச்சுப் பாருங்க, ஜார்ல ஒட்டி கேண்டிலை அடிமெழுகு ஒரு விரல்கடை மிச்சம் இருக்கற வரைக்கும் எரிச்சும் பாருங்க, சூட்டுல ஓரம் தூக்குதான்னு அப்பதான் தெரியும்.

சட்டப்படி வர வேண்டிய மேட்டரை படம் யோசிக்கவே யோசிக்காது. 2011-ம் வருஷ லீகல் மெட்ராலஜி பேக்கேஜ் விதிகள்படி செய்யறவர் பேர் விலாசம், பொருளோட பொதுப்பேர், நிகர எடை, தயாரிச்ச மாசம் வருஷம், எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகார் சொல்ல போன் நம்பர் ஈமெயில் இதெல்லாம் வேணும், எழுத்து எவ்வளவு உயரம் இருக்கணும்னும் அதுலயே அட்டவணை இருக்கு. எடை ஜாரோட சேத்து இல்ல, மெழுகு மட்டும். மாசத்தை நீங்க ரப்பர் ஸ்டாம்ப்ல அடிக்கப் போறீங்கன்னா அதையும் சொல்லுங்க, லேமினேஷன் மேல சாதா ஸ்டாம்ப் மை விரல் பட்டாலே அழிஞ்சிரும்.

இவ்வளவையும் நோட்டுல கொட்ட வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல போனா பிரஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க. நானா இருந்தா இப்படி எழுதுவேன், அளவை உங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க:

"வணக்கம். கூட உள்ள படம் ஏஐ-ல எடுத்தது. இதுக்கு ஓபன் ஃபைல், லேயர், ஃபான்ட் கிடையாது. இது அச்சுக்கான ஃபைல் இல்லை, லேபிள் எந்த மாதிரி தோணணும்னு காட்ட மட்டும். ஆர்ட்வொர்க் புதுசா வரையணும், அதுக்கான சார்ஜைத் தனியாச் சொல்லுங்க. ஜார் நேரான உருளை, குறுக்களவு 70 மிமீ, லேபிள் 200 x 55 மிமீ, பின்னாடி 20 மிமீ இடைவெளி. காலி ஜார் ரெண்டு கொரியர்ல வருது.

படத்துல இருந்து எனக்கு வேண்டியது: நடுவுல உள்ள பூ, அதோட இடம், பின்னணியோட வெளிர் ஊதா, மேலயும் கீழயும் நிறைய வெற்றிடம். வேண்டாதது: இடது ஓர வெளிச்சம், நிழல், பேப்பர் சொரசொரப்பு, கீழ உள்ள பார்கோடு, இலை முத்திரை. எழுத்து எதையும் படத்துல இருந்து எடுக்க வேண்டாம், மேட்டர் தனி டாக்குமெண்ட்டாவும் பிடிஎஃப்பாவும் இருக்கு. படத்துல முன்பக்கம் மட்டும்தான் உண்டு, இடது பக்கம் விலாசம் எடை விலை, வலது பக்கம் எச்சரிக்கை. பூவோட வெளிக்கோடு மட்டும் தங்க ஃபாயில், உள் நரம்பு ஃபாயில் வேண்டாம், ஊதாலயே கொஞ்சம் அடர்த்தியா வரட்டும். ஃபாயில் இல்லாம எவ்வளவு, ஃபாயிலோட எவ்வளவுன்னு ரெண்டு ரேட்டும் கொடுங்க. பிபி ஸ்டிக்கர், மேட் லேமினேஷன், 500 எண்ணம். தயாரிப்பு மாசம் நான் பின்னாடி அடிக்கணும், அந்த இடத்துக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க. நான் அச்சுப் புரூஃப்ல கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்தான் ஓட்டணும்."

இதுல பாருங்க, "அழகா", "கிளாஸா", "பிரீமியமா" மாதிரி வார்த்தை ஒண்ணு கூட இல்ல. அதெல்லாம் படமே சொல்லிரும். படம் சொல்லாததும் தப்பாச் சொல்றதும்தான் நோட்டுக்கு வேலை.

ஒரு விஷயம் நோட்டுல வராது, ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பண்ணணும். அந்தப் பூவோ சின்னமோ வேற யாரோட லோகோ மாதிரியாவது இருக்கான்னு கூகுள்ல படத்தைப் போட்டுத் தேடுங்க, டிரேட்மார்க் பொதுத் தேடல்லயும் பாருங்க, மெழுகுவத்தி 4-ம் வகுப்புல வரும். ஏஐ படத்துக்கு காப்பிரைட் உங்களுக்கா, இன்னொருத்தன் உங்க லேபிளைக் காப்பியடிச்சா நிறுத்த முடியுமா, இதெல்லாம் இன்னும் தெளிவா முடிவாகாத விஷயம், நான் வக்கீலும் இல்ல, அதனால அதுல கை வைக்க மாட்டேன். பிரஸ் ஏற்பாடு பண்ற ஓவியர் புதுசா வரைஞ்சு கொடுக்குற பூவா இருந்தா அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்னு பில்லுல எழுதி வாங்கிக்கோங்க, மறு ஆர்டருக்கு வேற பிரஸ் போகணும்னா அந்த ஓபன் ஃபைல் இல்லாம திண்டாடுவீங்க.

பிரஸ்ல இருந்து முதல் பிடிஎஃப் வந்ததும் போன்ல பாத்து ஓகே சொல்லிராதீங்க. பக்கத்து ஜெராக்ஸ் கடையில ஏ4-ல படுக்கவாட்டுல நூறு சதவீத அளவுல பிரிண்ட் எடுங்க, "ஃபிட் டு பேஜ்" போட்டுராமப் பாத்துக்கோங்க, ஸ்கேல் வச்சு 200 மில்லிமீட்டர் இருக்கான்னு அளந்துட்டு வெட்டி ஜார்ல சுத்தி டேப் ஒட்டுங்க. ஒரு எட்டடி தள்ளி வச்சு பேர் படிக்க முடியுதா பாருங்க, அப்புறம் வீட்ல வயசானவங்க கண்ணாடி போட்டுக்கிட்டு எச்சரிக்கை எழுத்தைப் படிக்க முடியுதான்னு கேளுங்க. திருத்தம் இருந்தா அந்தத் தாள்லயே சிவப்புப் பேனாவால குறிச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, அதுதான் ஆபரேட்டருக்கு சட்டுன்னு புரியும்.